நான்கு போல்ட் போதும், ஆனால் கேள்வி அதுவல்ல

கேள்வி: போர்ட்டல் ஃபிரேம் தூணில் காற்றால் 120 கிலோநியூட்டன் அப்லிஃப்ட், அதாவது மேல்நோக்கிய இழுவை, வருகிறது. நான்கு 24 மி.மீ. ஆங்கர் போல்ட், 500 மி.மீ. ஆழம், தூணுக்கு அடியில் 400 மி.மீ. சதுரக் கான்கிரீட் பெடஸ்டல். போதுமா?

120 என்பது முழுக் காற்றுக்கு எதிராகச் சொந்த எடையைக் குறைத்து வைத்துக் கிடைத்த டிசைன் சுமை என்று எடுத்துக்கொள்கிறேன். அப்படியானால் ஒரு போல்ட்டுக்கு 30தான். சாதாரண 4.6 கிரேடு போல்ட்டே 100 வரை தாங்கும். இந்த இடத்தில்தான் பலர் கணக்கை மூடிவிடுகிறார்கள்.

என்னிடம் சரிபார்க்க வந்த ஒரு வரைபடமும் கிட்டத்தட்ட இதேதான். கான்கிரீட் போதாது என்று எழுதி அனுப்பினேன். திரும்பி வந்தபோது போல்ட் மட்டும் நீண்டிருந்தது, கணக்கு அப்படியே. போல்ட் இழுத்தால் கான்கிரீட் கூம்பாகப் பெயரும். அது ஆழத்தைப் போல ஒன்றரை மடங்கு பக்கவாட்டில் விரிய வேண்டும். போல்ட் இடைவெளி 150 என்றால் விளிம்புக்கு இருப்பது 125 மி.மீ.தான். நாலு பக்கமும் இப்படி நெருக்கமாக இருந்தால் அமெரிக்கக் கான்கிரீட் விதிநூலான ஏசிஐ 318 முறையில் கணக்குக்கு எடுக்கும் ஆழம் 125 ÷ 1.5, அதாவது 83 மி.மீ. 25 எம்பிஏ கான்கிரீட்டில் நான்கு போல்ட்டுக்கும் சேர்த்து 97 கிலோநியூட்டன், 0.7 குணகம் போட்டால் 68. வேண்டியதோ 120. போல்ட்டை இரண்டு மீட்டர் இறக்கினாலும் இந்த 68 மாறாது.

ஆகவே இழுவிசையைப் பெடஸ்டலின் நெடுக்குக் கம்பிகள் வாங்க வேண்டும். எட்டு 12 மி.மீ. கம்பி (500 கிரேடு) பரப்பளவில் தாராளம். ஆனால் கூம்பின் கோட்டுக்கு மேலேயும் கீழேயும் கம்பிக்குப் பிடிப்பு நீளம் வேண்டும். நேர்க்கம்பிக்கு அது சுமார் 570 மி.மீ. மூலைக்கம்பி போல்ட்டிலிருந்து 90 மி.மீ. தள்ளி இருப்பதால் கோடு அங்கே 60 மி.மீ. மேலே வெட்டும், மேல் கவர் 50. கூட்டினால் 680. ஆழம் 700 வைத்து, அடியில் நட்டும் தகடும் போடுங்கள், வளைந்த கொக்கி வேண்டாம். 500 ஆழத்தில் கோட்டுக்கு மேல் 390தான் கிடைக்கும். கம்பியில் விசை குறைவுதானே, நீளத்தையும் விகிதப்படி குறைக்கலாமே என்று சிலர் பின்னூட்டத்தில் வருவார்கள். குறைத்துக்கொள்ளட்டும், நான் குறைப்பதில்லை.

பேஸ் பிளேட்டையும் மேல்நோக்கிய இழுவைக்குத் தனியாகப் பாருங்கள். போல்ட்டுகள் தூணின் நடுச்சுவரான வெப்பிலிருந்து 70 மி.மீ. தள்ளி இருந்தால் தகடு அங்கே வளையும். கணக்கில் 16 மி.மீ.க்குச் சற்று மேல் வரும், 20 போடுங்கள். மெல்லிய தகடு வளைந்தால் நெம்பு விசை போல்ட்டில் கூடுதலாக ஏறும்.

அப்புறம் ஒரு புலம்பல். ஸ்டீல் ஆள் வரைபடத்தில் போல்ட்டின் கீழ்முனையோடு கோட்டை நிறுத்தி 'அஸ்திவாரம் பிறர் பொறுப்பு' என்று எழுதுகிறார். அஸ்திவார ஆளோ அழுத்தச் சுமையை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறார். நடுவில் இருக்கும் அந்த 700 மி.மீ. யாருடைய வரைபடத்திலும் இல்லை. நான் கேட்டபோது வந்த பதில் நாற்பது சுமைச் சேர்க்கைகள் கொண்ட ஒரு அட்டவணை. அதிகபட்ச அப்லிஃப்ட் எது என்று அதில் யாரும் குறித்திருக்கவில்லை.