ஒரு சென்டிமீட்டரும் முக்கால் மீட்டரும்

அன்புள்ள ஐயா,

ஏற்காட்டில் எங்கள் காப்பித் தோட்டத்தில் தாத்தா காலத்து வட்டத் தண்ணீர்த் தொட்டி ஒன்று இடிந்து கிடக்கிறது. கருங்கல் சுவரில் 12 மீட்டர் போலத்தான் நிற்கிறது. மீதியை அதே வளைவில் கட்டவேண்டும். நடுவில் ஒரு சில்வர் ஓக் மரம் வளர்ந்துவிட்டதால் மையத்தில் முளை அடித்துக் கயிறு பிடிக்க வழியில்லை. சுவரின் உள்பக்கம் மூன்று புள்ளிகள் குறித்து டேப் வைத்து அளந்தேன்: 2.00, 2.00, 3.95 மீட்டர். மூன்று பக்கங்களையும் பெருக்கி, முக்கோணப் பரப்பளவின் நான்கு மடங்கால் வகுக்கும் R = abc / 4K என்ற சூத்திரப்படி ஆரம் 6.34 மீட்டர் வந்தது. கல்லூரியில் படிக்கும் மகள் அதே புள்ளிகளை அளந்தபோது மூன்றாவது பக்கம் 3.96. அவள் கணக்கில் ஆரம் 7.09! சூத்திரமே தப்பா, நாங்கள் தப்பா?

ஒரு வாசகர், ஏற்காடு

அன்புள்ள நண்பருக்கு,

சூத்திரம் சரி. நீங்கள் இருவரும் அளந்ததும் ஏறக்குறைய சரிதான். நீங்கள் தேர்ந்தெடுத்த முக்கோணம்தான் சரியில்லை. அது முக்கோணம் மாதிரியே இல்லை, கொஞ்சம் வளைந்த குச்சி மாதிரி இருக்கிறது.

பரப்பளவுக்கு ஹீரோன் சூத்திரத்தைப் போட்டிருப்பீர்கள். மூன்று பக்கங்களையும் கூட்டி இரண்டால் வகுத்தால் s = 3.975. இதிலிருந்து ஒவ்வொரு பக்கத்தையும் கழித்து வருவதை எல்லாம் s-உடன் சேர்த்துப் பெருக்கி வர்க்கமூலம் எடுக்கிறோம். இங்கே நீளமான பக்கத்தைக் கழித்தால் மிஞ்சுவது 0.025, அதாவது இரண்டரை சென்டிமீட்டர். மகள் அளந்த 3.96-க்கு அது 0.020 ஆகிவிடுகிறது. டேப்பில் ஒரு சென்டிமீட்டர் மாறியதற்கு இந்த ஒரு எண்ணில் ஐந்தில் ஒரு பங்கு காணாமல் போய்விட்டது. பரப்பளவு 0.623-லிருந்து 0.559 சதுர மீட்டராக இறங்குகிறது. பரப்பளவு கீழே வகுக்கும் இடத்தில் இருப்பதால் ஆரம் அந்த அளவுக்கு மேலே ஏறுகிறது. மூன்று புள்ளிகளும் நேர்கோட்டை நெருங்க நெருங்க இது மோசமாகிக்கொண்டே போகும். நேர்கோட்டிலேயே இருந்தால் பரப்பளவு பூச்சியம், வட்டமே கிடையாது.

சரி, இதற்கு வழி என்ன? சூத்திரம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் வழி அதிலேயே இருக்கிறது.

நடுப்புள்ளியை B என்றும் ஓரப் புள்ளிகளை A, C என்றும் வைத்துக்கொள்ளுங்கள். B-யிலிருந்து AC-க்குச் செங்குத்தாக ஒரு கோடு, அது தொடும் இடம் H. அப்புறம் B-யிலிருந்து மையத்தின் வழியாக எதிர்ச் சுவர் வரை ஒரு விட்டம், அதன் மறுமுனை D. அரைவட்டத்தில் அமையும் கோணம் செங்கோணம் என்பதால் BCD-யில் C செங்கோணம். BHA-வில் H செங்கோணம். A, D இரண்டும் BC என்ற நாணை ஒரே பக்கத்திலிருந்து பார்க்கின்றன, ஆகவே அங்குள்ள கோணங்கள் சமம். இரண்டு முக்கோணங்களும் வடிவொத்தவை. BA-க்கு BD எப்படியோ, BH-க்கு BC அப்படி. குறுக்கே பெருக்கினால்:

AB × BC = 2R × h

இங்கே h என்பது BH. பரப்பளவு K = AC × h / 2 என்பதை இதில் நுழைத்தால் R = abc / 4K வந்துவிடும். பள்ளியில் எனக்கு இதைச் சொல்லித்தந்தபோது கரும்பலகையில் போட்ட படத்தில் மையம் முக்கோணத்துக்கு உள்ளே இருந்தது. மையம் வெளியே போனால் சூத்திரம் செல்லாது என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். உங்கள் சுவரில் மையம் முக்கோணத்துக்கு வெளியேதான் இருக்கிறது. மேலே சொன்ன நிரூபணம் அதற்கும் அப்படியே பொருந்தும்.

பிரம்மகுப்தர் 628-இல் எழுதிய பிரம்மஸ்புட சித்தாந்தத்தில் இந்த விதியைப் பரப்பளவு இல்லாமலே சொல்கிறார்: இரண்டு பக்கங்களைப் பெருக்கி, குத்துயரத்தின் இரு மடங்கால் வகு. வரும் ஆரத்துக்கு அவர் வைத்த பெயர் இருதய ரஜ்ஜு, நெஞ்சுக் கயிறு. கயிறு பிடித்து அளந்தவர்கள் வைத்த பெயர்!

பிரம்மகுப்தரின் வடிவத்தில் AC இல்லை என்பதைக் கவனியுங்கள். உங்களைப் படுத்திய பக்கமே அதுதான். ஆகவே A-விலிருந்து C-க்கு நூலை விறைப்பாகக் கட்டிவிட்டு, நூலிலிருந்து B-க்கு மூலமட்டம் வைத்து h-ஐ நேராக அளந்துவிடலாம். உங்கள் முதல் அளவுப்படி அது 31.5 சென்டிமீட்டர் இருக்கவேண்டும். அதில் ஒரு சென்டிமீட்டர் பிசகினாலும் ஆரம் 20 சென்டிமீட்டர்தான் மாறும், முக்கால் மீட்டர் அல்ல. முப்பது சென்டிமீட்டரை ஸ்கேல் வைத்து இரண்டு மூன்று மில்லிமீட்டருக்குள் அளப்பதும் கஷ்டமில்லை.

ஆனால் இதைவிட நல்ல வைத்தியம் புள்ளிகளை விரித்துப் போடுவது. 12 மீட்டர் சுவர் இருக்கும்போது நான்கு மீட்டருக்குள் ஏன் முடங்கவேண்டும்? அதனால்தான் போன வாரம் போனில் பேசியபோது, சுவரின் இரண்டு முனைகளிலும் நடுவிலும் குறித்து அளக்கும்படி உங்கள் மகளிடம் சொன்னேன். அவர் அனுப்பிய அளவுகள் 5.60, 5.90, 10.27. பரப்பளவு 13.28 சதுர மீட்டர். மூன்று பக்கங்களின் பெருக்கல் 339.3. அதை 53.12-ஆல் வகுத்தால் 6.39 மீட்டர். இப்போது 10.27-க்குப் பதில் 10.28 என்று போட்டுப் பாருங்கள், 6.41 வரும். அதே ஒரு சென்டிமீட்டர் பிழைக்கு இரண்டரை சென்டிமீட்டர்கூட மாறவில்லை. கருங்கல் சுவருக்கு இது போதும்.

மலைச்சரிவில் அளப்பதால் இன்னொன்று. டேப்பை மட்டமாகப் பிடிக்கவேண்டும். பத்து மீட்டரில் ஒரு முனை அரை மீட்டர் இறங்கியிருந்தாலே ஒரு சென்டிமீட்டருக்கு மேல் கூடுதலாகக் காட்டும். நடுவில் டேப் தொய்ந்தாலும் அப்படித்தான். இரண்டுமே AC-ஐ நீட்டும், ஆரத்தைப் பெரிதாக்கும். மகளின் முதல் அளவில் வந்த அந்த ஒரு சென்டிமீட்டர் இப்படி வந்ததாகவும் இருக்கலாம்.

சுவர் உண்மையிலேயே வட்டம்தானா என்பதும் தெரியவேண்டும். எந்த மூன்று புள்ளிக்கும் சூத்திரம் ஒரு வட்டத்தைக் கொடுத்துவிடும், சுவர் சரிந்திருந்தாலும் கொடுக்கும். நான்காவதாக ஒரு புள்ளி குறித்து, வேறு மூன்றைச் சேர்த்து இன்னொருமுறை கணக்குப் போடுங்கள். அந்த மூன்றும் நன்றாக விரிந்திருக்கட்டும். ஆரம் ஐந்தாறு சென்டிமீட்டருக்குள் ஒத்துப்போனால் சரி. அரை மீட்டர் தள்ளி நின்றால் சுவர் எங்கோ பிதுங்கியிருக்கிறது என்று அர்த்தம்.

மரத்தை வெட்டவேண்டாம். 6.4 மீட்டர் ஆரம் என்று வைத்துக்கொண்டு, 1.2 மீட்டர் நீளப் பலகை ஒன்றின் விளிம்பை ஆசாரியிடம் வில்லாக இழைக்கச் சொல்லுங்கள். இரண்டு முனைகளும் சுழியில் இருக்க, நடுவில் 28 மில்லிமீட்டர் வெளியே புடைத்திருக்கவேண்டும். முதலில் பழைய சுவரின் உள்பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும், இடைவெளி இல்லாமல் உட்கார்ந்தால் மேஸ்திரி அதை நகர்த்தி நகர்த்திப் புதுச் சுவரைக் கட்டலாம். பலகையை மட்டும் நம்பிப் போனால் பிழை சேர்ந்துகொண்டே வரும். ஆகவே ஐந்தாறு மீட்டருக்கு ஒருமுறை, புதுச் சுவரில் ஒரு புள்ளியும் பழைய சுவரில் இரண்டு புள்ளிகளுமாக எடுத்து, மகளை ஆரம் கணக்கிடச் சொல்லுங்கள்.