ஒரே விலையில் இரண்டு மடிக்கணினிகள்: ரேமைப் பார்ப்பதா, சேமிப்பகத்தைப் பார்ப்பதா?

"சுங்கை சிப்புட் கடையில் ஒன்று 4 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி, மற்றது 8 ஜிபி, 256 ஜிபி. விலை ஒன்றே. கல்லூரி செல்லும் மகளுக்கு எதை வாங்குவது?"

இரண்டாவதை வாங்குங்கள். பெரிய எண், கோப்புகளை நிலையாக வைத்திருக்கும் சேமிப்பகத்தின் அளவு. சிறிய எண், திறந்திருக்கும் செயலிகள் அந்நேரத்தில் பயன்படுத்தும் ரேமின் அளவு. விண்டோஸ் 11 கேட்கும் குறைந்தபட்ச ரேமே 4 ஜிபி என்பதால், இணைய வகுப்பும் வேர்டும் உலாவியும் ஒன்றாகத் திறந்தால் ரேம் நிரம்பி, கணினி மிஞ்சியதை ரேமைவிட மெதுவான எஸ்எஸ்டிக்கு மாற்றத் தொடங்கித் தடுமாறும். Ctrl+Shift+Esc அழுத்தி, திறக்கும் Task Manager சாளரத்தின் Memory பத்தியில் இதைக் கடையிலேயே பார்க்கலாம் (கடைக்காரர் பொறுமையானவராக இருந்தால்).

இடம் போதாவிட்டால் வெளி வட்டு செருகலாம். ஆனால் விவரத்தாளில் LPDDR என்றிருந்தால், ரேம் பெரும்பாலும் தாய்ப்பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும், பிறகு கூட்ட முடியாது.