கேமராவில் மட்டும் பிசிறடிக்கும் முடி

"எனக்கு அலையலையான, அடர்த்தியான முடி. வியாழக்கிழமை காலை 11 மணிக்கு வீடியோவில் நேர்காணல். கண்ணாடியில் ஒழுங்காகத் தெரியும் தலை, லேப்டாப்பில் பார்த்தால் சுற்றிலும் பஞ்சு ஒட்டியதுபோல் இருக்கிறது. எண்ணெய் தடவினால் படிகிறது. ஆனால் உச்சி பளபளக்கிறது. முதுகுக்குப் பின்னால் ஜன்னல், தலைக்கு மேல் மின்விசிறி. என்ன செய்யலாம்?" – வாசகி, திருச்சி

சீப்பை எடுப்பதற்கு முன் நாற்காலியைத் திருப்பிப் போடுங்கள். உங்களைத் தொந்தரவு செய்வது முடியைவிட அந்த ஜன்னல்தான். வெளிச்சம் பின்னாலிருந்து வரும்போது தலையின் ஓரத்தில் நிற்கும் ஒவ்வொரு பிசிறும் தனித்தனியாக ஒளிர்கிறது. போதாக்குறைக்கு, கேமரா ஜன்னலின் பிரகாசத்துக்கு ஏற்பப் படத்தை மங்கலாக்குவதால் முகமும் இருண்டுவிடுகிறது. ஜன்னலைப் பார்த்தபடி மூன்று, நான்கு அடி தள்ளி உட்காருங்கள். வெயில் நேராக அடித்தால் மெல்லிய வெள்ளைத் திரை போதும். உச்சிக்கு நேர் மேலே டியூப்லைட் இருந்தால் அணைத்துவிடுங்கள். அது வகிட்டில் விழுந்து தலைச்சருமத்தைப் பளிச்சென்று காட்டும், அடர்த்தியான முடியும் மெலிந்து தெரியும்.

அடுத்தது லேப்டாப்பின் உயரம். மேசையில் அப்படியே வைத்தால் கேமரா கீழிருந்து அண்ணாந்து பார்க்கிறது. தாடை பெரிதாகிறது, கூரை விளக்கு உங்கள் தலைக்குப் பின்னால் வந்து நின்றுகொள்கிறது, பிசிறு மறுபடியும் ஒளிர்கிறது. கேமரா கண்மட்டத்துக்கு வரும்வரை அடியில் புத்தகங்களை அடுக்குங்கள். அதற்கு மேல் உயர்த்தினால் வகிடும் உச்சியும்தான் படத்தில் முதலில் தெரியும். கை நீளம் தள்ளி உட்கார்ந்து, தலைக்கு மேல் சிறிது இடம் விடுங்கள். உச்சிக் கொண்டை வேண்டாம். சட்டத்துக்குள் பாதி வெட்டுப்பட்டு நிற்கும். பிடரியில் தாழ்வாகக் கட்டுவதே உங்கள் முடிக்கு நல்லது. ஆனால் இறுக்கி இழுத்தால் முன்பக்கமிருந்து மொட்டையடித்ததைப் போலத் தெரியும். எனவே காதோரம் சற்றுத் தளர்வாக விடுங்கள்.

இனி முடிக்கு வருவோம். எண்ணெய் பிசிறைப் படிய வைக்கும், ஆனால் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும். கேமராவில் அது ஈரமாகவோ அழுக்காகவோ தெரியும். புதன்கிழமையே தலைக்குக் குளித்து, கண்டிஷனரை வேரில் படாமல் நீளத்தில் மட்டும் போட்டு அலசுங்கள். ஈரமாக இருக்கும்போதே அகலப் பல் சீப்பால் சிக்கெடுங்கள். துண்டால் தேய்க்காமல், பழைய பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள். அலை முடியைக் காய்ந்த பிறகு சீவுவதுதான் அது பொங்கி நிற்க முக்கியக் காரணம். வியாழன் காலையில் சீப்பே தொட வேண்டாம், விரல்கள் போதும்.

நெற்றியோரத்திலும் வகிட்டிலும் நிற்பவை பெரும்பாலும் புதிதாக முளைத்த குட்டை முடியும் ஒடிந்த முடியும்தான். தண்ணீர் தொட்டுப் படிய வைத்தால் காய்ந்ததும் எழுந்துவிடும். பட்டாணி அளவு கற்றாழை ஜெல்லை உள்ளங்கையில் நன்றாகத் தேய்த்து, முதலில் நுனிகளுக்குத் தடவுங்கள். கையில் மிச்சமிருக்கும் ஈரத்தை மட்டும் மேலே நீவிவிடுங்கள். பிறகு, பழைய டூத்பிரஷ் ஒன்றைக் கழுவிக் காயவைத்து, அதன்மேல் ஹேர் ஸ்ப்ரே லேசாக அடித்து, வேரிலிருந்து முடி போகும் திசையிலேயே மெதுவாக வருடுங்கள். நேராகத் தலையில் அடித்தால் கட்டியாகி மின்னும். இதை நேர்காணலுக்கு அரை மணி நேரம் முன்பே முடித்துவிட்டால் ஈரப் பளபளப்பு அடங்கிவிடும். அதன்பின் கை வைக்காதீர்கள்.

இவ்வளவும் செய்துவிட்டு மின்விசிறியை ஓடவிட்டால் ஐந்து நிமிடத்தில் பழைய கதைதான். திருச்சி வெக்கையில் அணைத்துவிட்டு உட்காரச் சொல்ல எனக்கு மனமில்லை. மேசை விசிறி ஒன்றைத் தரையில் வைத்துக் கால்பக்கம் திருப்பிவிடுங்கள். அதன் இரைச்சல் மைக்கில் கேட்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். வயரில் மைக் உள்ள இயர்போன் என்றால், தோளில் விழும் முடி அதில் உரசிக் கரகரவென்று சத்தம் வரும். அந்தப் பக்க முடியைப் பின்னால் தள்ளிவிடுங்கள்.

பின்னணியை மங்கலாக்கும் வசதியை அணைத்து வையுங்கள். தலை எங்கே முடிகிறது, சுவர் எங்கே தொடங்குகிறது என்று மென்பொருள் ஊகித்துத்தான் வெட்டுகிறது. அலை முடியின் ஓரத்தில் அது தடுமாறி, நீங்கள் அசையும்போதெல்லாம் முடி தோன்றித் தோன்றி மறையும். சுத்தமான வெறும் சுவர் அதைவிட நல்லது. சுவர் பளிச்சென்ற வெள்ளையாக இல்லாமல் இருந்தால் கரிய பிசிறு அவ்வளவாகத் துருத்தித் தெரியாது.

புதன்கிழமை காலை 11 மணிக்கே, அதே இடத்தில் அதே வெளிச்சத்தில், ஒரு நிமிடம் பேசிப் பதிவு செய்யுங்கள். திரையில் உங்களுக்குத் தெரிவது பெரும்பாலும் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறிய படம்; எதிரில் இருப்பவர் பார்ப்பதைப் பதிவுதான் காட்டும். இரண்டு பக்கமும் திரும்பி, ஒருமுறை குனிந்து நிமிருங்கள். கண்ணில் முடி விழுகிறது என்றால், அந்தக் கற்றையைக் காதுக்குப் பின்னால் கறுப்பு ஊசி ஒன்றால் செருகிவிடுங்கள்.