இரத்தக் கொதிப்பு ஏடு: மேல் எண்ணும் கீழ் எண்ணும் தனித்தனிக் கட்டத்துக்கு

சுங்கை சிப்புட் வட்டாரத்தில் கோவில் மண்டபத்திலும் தோட்டத்து லயங்களிலும் பிரஷர் பார்த்து, அதை எக்செலில் ஏற்றி வைப்பவர்கள் கேட்ட கேள்விகள் இவை. பதில் சொல்பவர் தோட்டக் கிளினிக்கில் நெடுநாள் பதிவேடு பார்த்தவர்.

"அக்கா, நான் பிரஷர் அளவின் முதல் மூன்று எழுத்தை LEFT போட்டும் கடைசி இரண்டு எழுத்தை RIGHT போட்டும் பிரித்துவிட்டேன். நன்றாகத்தான் வருகிறது. இதற்கு மேல் என்ன இருக்கிறது?"

142/88 போன்ற அளவுக்கு நன்றாகத்தான் வரும் தம்பி. அதே ஏட்டில் இரண்டு வரிசையைத் தேடிப் பாருங்கள். மேல் எண் நூறுக்குக் கீழே இருப்பவர் ஒருவர், கீழ் எண் நூறைத் தாண்டியவர் ஒருவர். 98/64-இல் முதல் மூன்று எழுத்து `98/`. ஸ்லேஷும் கூடவே வந்துவிடும், அது உடனே கண்ணில் படும். 176/104-இல் கடைசி இரண்டு எழுத்து `04`. அதை எண்ணாக்கினால் 4. இதுதான் எனக்குக் கவலை. மண்டபத்துக்கு வந்தவர்களிலேயே முதலில் கிளினிக்குக்கு அனுப்ப வேண்டியவரின் கீழ் எண் 4 என்று பதிவாகி, சராசரியையும் கீழே இழுத்துவிடும்.

எழுத்தை எண்ணாதீர்கள், ஸ்லேஷ் எங்கே இருக்கிறது என்று தேடச் சொல்லுங்கள். அளவு B கட்டத்தில் இருந்தால், C2-இலும் D2-இலும் இப்படி:

```
=VALUE(LEFT(B2,FIND("/",B2)-1))
=VALUE(MID(B2,FIND("/",B2)+1,9))
```

மூன்று இலக்கமோ இரண்டு இலக்கமோ, இது ஏமாறாது. B கட்டத்தை அழிக்க வேண்டாம். நாளைக்கு ஒரு எண்ணில் சந்தேகம் வந்தால் திரும்பிப் பார்க்க அது ஒன்றுதான் இருக்கும்.

"VALUE இல்லாமலே எண் சரியாகத்தானே தெரிகிறது? ஆனால் 140-க்கு மேல் யார் என்று IF போட்டால் எல்லாருமே அதிகம் என்கிறது, 98 உட்பட. COUNTIF போட்டால் பூஜ்யம். கணினி கெட்டுவிட்டதா, டீச்சர்?"

கணினி நன்றாகத்தான் இருக்கிறது. LEFT, MID எடுத்துத் தருவது எண் அல்ல, எண் போலத் தெரியும் எழுத்து. எக்செலில் எழுத்தையும் எண்ணையும் ஒப்பிட்டால், எழுத்து எப்போதும் பெரியது. அதனால் `C2>=140` என்ற கேள்விக்கு 98-க்கும் "ஆமாம்" என்றுதான் பதில் வரும். COUNTIF-இல் `">=140"` என்று கொடுத்தால் அது எண்களை மட்டும் பார்க்கும். எண்ணே இல்லாத இடத்தில் பூஜ்யம்தானே வரும். ஒரே கோளாறு, இரண்டு எதிர்ப் பதில்கள்.

கண்ணால் கண்டுபிடிக்கவும் வழி உண்டு. நீங்கள் alignment எதையும் மாற்றாமல் இருந்தால் எண் கட்டத்தின் வலது பக்கம் ஒட்டி நிற்கும், எழுத்து இடது பக்கம் நிற்கும். VALUE போட்டதும் எல்லா எண்களும் வலது பக்கம் நகர்வதைப் பார்க்கலாம். புது எக்செலில் உள்ள TEXTSPLIT தருவதும் எழுத்துதான், அதையும் VALUE-க்குள் போட வேண்டும். கூகள் ஷீட்ஸில் `=SPLIT(B2,"/")` எண்ணாகவே தந்துவிடும், அங்கே இந்தத் தொல்லை இல்லை.

"கீழ் எண் காதுக்குக் கேட்கவில்லை என்று சிலருக்கு `150/` என்று மட்டும் எழுதியிருக்கிறோம். `#VALUE!` அசிங்கமாக இருக்கிறதென்று IFERROR போட்டு வெற்றாக்கினேன். இப்போது அவர்களும் 'அதிகம்' பட்டியலில் வருகிறார்கள்."

150 என்பதால் இவர் எப்படியும் அந்தப் பட்டியலில் இருக்க வேண்டியவர்தான். ஆனால் `118/` என்று இருப்பவரும் வந்திருப்பாரே? காரணம் மேலே சொன்னதேதான். IFERROR வைத்த `""` கண்ணுக்கு வெற்றிடம், எக்செலுக்கு எழுத்து. ஆகவே அது 90-ஐ விடப் பெரியது. முதலில் இரண்டு எண்ணும் இருக்கின்றனவா என்று எண்ணிப் பார்த்துவிட்டு அப்புறம் கேளுங்கள்:

```
=IF(COUNT(C2:D2)<2,"பார்க்கவும்",
 IF(OR(C2>=140,D2>=90),"அதிகம்",""))
```

நடுவில் OR இருப்பதைக் கவனியுங்கள். மலேசிய சுகாதார அமைச்சின் 2018 வழிகாட்டியில் 140 அல்லது 90, இரண்டில் ஒன்று எட்டினாலே கணக்கு. AND போட்டால் 128/94 உள்ளவர் நழுவிவிடுவார். இன்னொன்று, விட்டுப்போன கீழ் எண்ணுக்குப் பூஜ்யம் போடாதீர்கள். AVERAGE வெற்றிடத்தைத் தாண்டிப் போகும், பூஜ்யத்தைச் சேர்த்துக்கொள்ளும்.

"எக்செல் பிரஷரையெல்லாம் தேதியாக மாற்றிவிடும் என்கிறார்கள். எங்கள் ஏட்டிலும் `Dec-80` என்று ஒன்று இருக்கிறது. எல்லாவற்றையும் மறுபடி தட்ட வேண்டுமா?"

எல்லாவற்றையும் வேண்டாம். 138/86 தேதியாக முடியாது, 138-ஆவது மாதம் ஏது? முதல் எண் 12 அல்லது அதற்குக் குறைவாக இருந்தால்தான் மாதம் என்று நினைத்துக்கொள்ளும். உங்கள் ஏட்டில் யாரோ 112/80 தட்டும்போது ஒரு 1 விட்டுப்போயிருக்க வேண்டும். `12/80` என்றதும் எக்செல் அதை 1980 டிசம்பர் ஆக்கிவிட்டது, உள்ளே இருக்கும் எண் 29556. அதில் ஸ்லேஷே இல்லை, அதனால் FIND தோற்று `#VALUE!` காட்டும். அந்த வரிசையை மட்டும் தாளோடு ஒத்துப் பாருங்கள். 112-ஆ 120-ஆ என்று நானோ நீங்களோ ஊகிக்கக் கூடாது. இனிமேல் வராமலிருக்க, தட்டுவதற்கு முன்பே B கட்டத்தை Text வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள்.

"Data > Text to Columns போனால் ஒரே நிமிடத்தில் முடிந்துவிடுமே, எதற்கு இத்தனை சூத்திரம்?"

முடியும் ஐயா. Delimited, Other-இல் `/`, எண்ணாகவே பிரிந்து வரும். ஒருமுறை வேலைக்கு நானும் அதைத்தான் செய்வேன். ஆனால் யாராவது நாடித்துடிப்பையும் சேர்த்து `138/86/72` என்று எழுதியிருந்தால் மூன்றாவது எண் பக்கத்துக் கட்டத்தில் போய் உட்காரும். அங்கே மருந்து விவரம் இருந்தால், அதை அழிக்கலாமா என்று எக்செல் கேட்கும். அவசரத்தில் எல்லாரும் OK அழுத்திவிடுகிறார்கள். முதலில் B-யின் நகல் ஒன்று எடுங்கள், அதற்கு வலப்பக்கம் வெற்றுக் கட்டங்கள் சேருங்கள், அப்புறம் நகலைப் பிரித்துக்கொள்ளுங்கள்.

"அப்பாவுக்கு கிளினிக்கில் 150/95, வீட்டில் 132/84. பிரித்துப் பார்த்தால் வீட்டு எண்தானே சரி? மாத்திரையைக் குறைக்கலாமா அக்கா?"

வேண்டாம்மா. இரண்டு எண்களையும் எடுத்துக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டுங்கள், மாத்திரையை அவர்தான் முடிவு செய்ய வேண்டும். ஏட்டைப் பொறுத்தவரை ஒன்று சொல்வேன். "எங்கே எடுத்தது" என்று ஒரு கட்டம் சேர்த்துக்கொள்ளுங்கள். கிளினிக் அளவுக்கு எல்லை 140/90, வீட்டு அளவுக்கு 135/85. இரண்டையும் கலந்து சராசரி எடுத்தால் எந்த எல்லையோடும் ஒப்பிட முடியாது.

"இரண்டு முறை எடுத்து `156/92, 144/88` என்று ஒரே கட்டத்தில் எழுதியிருக்கிறோம். எதை வைப்பது? பழைய டிரஸ்ஸர் ஐயா முதலாவதை விட்டுவிடச் சொல்கிறார்."

முதலாவது பெரும்பாலும் கூடுதலாகத்தான் வரும், ஐயா சொல்வதில் நியாயம் இருக்கிறது. நான் இரண்டையும் நான்கு கட்டங்களில் வைத்து, மேல் எண்ணுக்கு 150, கீழ் எண்ணுக்கு 90 என்று சராசரி எடுப்பேன். இந்த ஆளின் கதையைப் பாருங்கள்: என் கணக்கில் கீழ் எண்ணும் எல்லையைத் தொடுகிறது, ஐயாவின் கணக்கில் தொடவில்லை. மேல் எண்ணால் இரண்டிலும் "அதிகம்" என்றுதான் வருகிறார், ஆனால் எல்லாருக்கும் அப்படி அமையாது. எந்த வழி என்பதை முகாம் நடத்தும் டாக்டரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். அதுவரை நான்கு எண்களும் ஏட்டில் இருக்கட்டும்.