ஐந்து நிமிட உரைக்கு எத்தனை சொற்கள்? (கேள்வி பதில்)

கல்லூரி மாணவி: ஐந்து நிமிட உரைக்கு 750 சொற்கள் என்று பார்க்கும் இடமெல்லாம் போட்டிருக்கிறது. அதை நம்பித் தமிழில் எழுதிவிட்டேன். ஒத்திகையில் எட்டு நிமிடத்தைத் தாண்டுகிறது. நான் அவ்வளவு மெதுவாகவா பேசுகிறேன் ஐயா?

இல்லை அம்மா, உங்கள் வேகத்தில் குறை ஒன்றுமில்லை. நிமிடத்துக்கு 150 சொற்கள் என்பது ஆங்கிலத்துக்கு உரிய கணக்கு. அதை ஐந்தால் பெருக்கி 750 என்று சொல்லிவிடுகிறார்கள். ஆங்கிலத்தில் மூன்று தனிச் சொற்களால் சொல்ல வேண்டியதைத் தமிழில் ‘வீட்டிலிருந்து’ என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். வேற்றுமை உருபும், காலமும், எண்ணும், மறுப்பும் சொல்லுக்குள்ளேயே வந்து ஒட்டிக்கொள்வதால் நம் சொல் நீண்டதாக இருக்கிறது, அதை உச்சரிக்கவும் அதிக நேரம் பிடிக்கிறது. நான் வானொலிக்கும் மேடைக்கும் எழுதிக் கொடுத்த உரைகளில் பார்த்த அளவில், எழுத்துத் தமிழை நிதானமாகப் பேசுகிறவர் நிமிடத்துக்கு 85 முதல் 105 சொற்கள் வரை பேசுகிறார். ஆகவே ஐந்து நிமிடத்துக்கு 450 சொற்கள் என்று தொடங்குங்கள். 750 சொற்களை எட்டு நிமிடத்துக்குச் சற்று மேலாகப் பேசியிருக்கிறீர்கள் என்றால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 90 ஆகிறது. இது இயல்பான வேகம்தான்.

ஆங்கிலத்திலும்கூட 150 என்பது எல்லா மேடைக்கும் பொருந்துவதில்லை. ஜான் எஃப். கென்னடி 1961 சனவரியில் பதவியேற்றபோது ஆற்றிய உரை ஏறத்தாழ 1,360 சொற்கள் கொண்டது; அதற்கு அவர் ஏறத்தாழ 14 நிமிடம் எடுத்துக்கொண்டார். அதாவது நிமிடத்துக்கு நூற்றுக்கும் சற்றுக் குறைவு. பெரிய கூட்டத்தின் முன் நிறுத்தி நிறுத்திப் பேசினால் எந்த மொழியிலும் எண்ணிக்கை இறங்கத்தான் செய்யும்.

அலுவலகப் பணியாளர்: எங்கள் போட்டியில் 400 சொற்களுக்கு மேல் கூடாது என்று வரம்பு. சொற்களைச் சேர்த்து எழுதினால் எண்ணிக்கை குறையும் அல்லவா? நேரமும் அதற்கேற்பக் குறையும் என்று நினைக்கிறேன்.

முதல் பாதி சரி, இரண்டாம் பாதி சரியல்ல. கணினி, சொற்களை இடைவெளியைக் கொண்டே எண்ணுகிறது. ‘பேசிக்கொண்டிருக்கும்போது’ என்று சேர்த்து எழுதினால் அது ஒரு சொல். ‘பேசிக் கொண்டு இருக்கும் போது’ என்று பிரித்தால் நான்கு. வாயால் சொல்லும்போது இரண்டுக்கும் ஒரே நேரம்தான் ஆகிறது. வரம்புக்குள் அடக்குவதற்காகச் சேர்த்து எழுதிய 400 சொற்கள், பிரித்து எழுதுகிறவருடைய 480 சொற்கள் அளவுக்கு நீள்வது எளிதில் நடக்கும். ஒரே உரையை இருவர் தட்டச்சு செய்தாலே எண்ணிக்கை மாறுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ஆகவே வரம்பைக் காட்டுவதற்கு எண்ணிக்கையையும், மேடைக்குக் கடிகாரத்தையும் நம்புங்கள். போட்டி நடத்துகிறவர்கள் தமிழ் உரைக்குச் சொல் வரம்பு வைப்பதே எனக்கு உடன்பாடில்லை. நேர வரம்பு போதும்.

புதிய உறுப்பினர்: ஐந்து நிமிடத்தில் எத்தனை சொற்களை மனப்பாடம் செய்ய முடியும் என்பதுதானே கேள்வி? எனக்கு ஐம்பதுகூட நிற்பதில்லை.

இங்கே பேசுவது மனப்பாட வேகத்தைப் பற்றி அல்ல, உரையின் நீளத்தைப் பற்றி. ஆனாலும் உங்கள் கேள்வியில் தொடர்புள்ள ஒன்று இருக்கிறது. மனப்பாடமாகச் சொல்கிறவர், அடுத்த வரி மறந்துவிடுமோ என்ற அச்சத்தில் வாக்கிய முடிவில் நிற்காமல் ஓடுவார். குறிப்பை மட்டும் வைத்துக்கொண்டு பேசுகிறவர் சொல் தேடி நிற்பார், சொன்னதையே திருப்பிச் சொல்வார். தாளைப் பார்த்து வாசிப்பதற்கென்று கணக்கிட்ட எண்ணிக்கையை இந்த இரண்டு வகைக்கும் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

பயிற்சியாளராகச் சேர்ந்திருப்பவர்: சராசரி வேண்டாம், என் சொந்த வேகத்தைக் கண்டுபிடிக்கும் வழியைச் சொல்லுங்கள். மனத்துக்குள் வாசித்துப் பார்த்தால் போதுமா?

மனத்துக்குள் வாசிப்பது உதவாது. கண் ஓடும் வேகத்துக்கு நாக்கு ஓடாது. ஐந்து நிமிட உரை என்று நீங்கள் எண்ணியிருப்பது மேடையில் எட்டு, ஒன்பது நிமிடமாக விரிந்துவிடும். முணுமுணுப்பதும் ஏறக்குறைய அப்படித்தான். எழுந்து நின்று, அரங்கின் கடைசி வரிசைக்குக் கேட்கும் குரலில் வாசிக்க வேண்டும். கைப்பேசியில் பதிவு செய்துகொண்டால் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துத் தடுமாற வேண்டியதில்லை.

ஓர் எடுத்துக்காட்டைக் கடைசிவரை போட்டுப் பார்ப்போம். நீங்கள் பேசப்போகும் உரையிலிருந்தே 300 சொற்கள் கொண்ட பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். செய்தித்தாளிலிருந்து எடுத்தால் நடை வேறாக இருக்கும், கணக்கும் தவறிவிடும். அந்தப் பகுதியை வாசிக்க 3 நிமிடம் 20 வினாடி ஆனது என்று வைத்துக்கொள்வோம். 200 வினாடியில் 300 சொற்கள் என்றால் வினாடிக்கு ஒன்றரைச் சொல். ஐந்து நிமிடத்துக்கு 300 வினாடி. எனவே 450 சொற்கள் என்று எழுதத் தோன்றும். பெரும்பாலானவர்கள் தவறுவது இந்த இடத்தில்தான், ஏனென்றால் 300 வினாடியும் உங்கள் சொற்களுக்குக் கிடைப்பதில்லை. ஒலிவாங்கியின் முன் வந்து நின்று, தாளைச் சரிசெய்து, அவையோரை விளித்து வணக்கம் சொல்லி முடிக்க 20 வினாடி போய்விடும். நகைச்சுவைக்குச் சிரிப்போ, நல்ல வரிக்குக் கைதட்டலோ வந்தால் அது அடங்கும்வரை காத்திருக்க வேண்டும். ஒரு முக்கியமான வரியைச் சொல்லிவிட்டு வேண்டுமென்றே அமைதியாக நிற்பதும் உண்டு. இவற்றுக்கு இன்னொரு 20 வினாடி வைத்தால் மிஞ்சுவது 260 வினாடி. அதை ஒன்றரையால் பெருக்கினால் 390 சொற்கள். 450 என்று எழுதியிருந்தால் கூடுதலாக இருக்கும் 60 சொற்களும் 40 வினாடி. மணி அடித்த பிறகு நீங்கள் பேசிக்கொண்டிருக்கும் நேரம் அதுவேதான்.

ஒரே ஒரு முறை வாசித்துவிட்டு முடிவு செய்யாதீர்கள். முதல் வாசிப்பில் தடுக்கல் இருக்கும், நான்காவது வாசிப்பில் பழக்கத்தால் வேகம் ஏறியிருக்கும். இரண்டாவது, மூன்றாவது வாசிப்புகளின் நேரமே மேடைக்கு அருகில் வருகிறது.

கணக்குத் துறையில் இருப்பவர்: என் உரை ஆண்டறிக்கை. 380 சொற்கள்தான் இருக்கின்றன, ஆனாலும் ஆறு நிமிடத்துக்கு மேல் இழுக்கிறது. எங்கே தவறு?

எண்களில். ‘2019 ஆம் ஆண்டில் 1,47,350 பேர்’ என்பதைக் கணினி ஐந்து சொற்களாக எண்ணும். வாய்விட்டுச் சொல்லும்போது அது ‘இரண்டாயிரத்துப் பத்தொன்பதாம் ஆண்டில் ஒரு இலட்சத்து நாற்பத்தேழாயிரத்து முந்நூற்று ஐம்பது பேர்’ என்று ஒன்பது சொற்களாக, அதுவும் நீண்ட சொற்களாக விரிகிறது. இப்படிப்பட்ட வரிகள் இருபது இருந்தால் உங்கள் ஆறாவது நிமிடம் எங்கிருந்து வந்தது என்பது தெரிந்துவிடும். சுருக்கப் பெயர்களும், சதவீதக் குறிகளும், ஒவ்வோர் எழுத்தாகச் சொல்ல வேண்டிய தலைப்பெழுத்துகளும் இதே வகைதான்.

உரையை எண்ணுவதற்கு முன் எண்கள் அனைத்தையும் எழுத்தால் எழுதிப் பாருங்கள்; கணினி காட்டும் எண்ணிக்கை அப்போதுதான் ஓரளவு உண்மையாகும். பிறகு, அவையோர் காதால் கேட்டு நினைவில் வைக்க முடியாத எண்களை ‘ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் பேர்’ என்பதுபோல் சுருக்கிவிட்டு, துல்லியமான எண்ணை அச்சிட்ட அறிக்கைக்கு விட்டுவிடலாம்.

செய்தி வாசிப்பவர்: நீங்கள் சொல்லும் 85 முதல் 105 என்பது மிகவும் குறைவு. நான் தமிழில் நிமிடத்துக்கு 120க்கு மேல் வாசிக்கிறேன். கேட்பவர்கள் யாரும் புரியவில்லை என்று சொன்னதில்லை.

நீங்கள் சொல்வதை மறுக்க மாட்டேன். பயிற்சி பெற்ற குரல், அருகில் ஒலிவாங்கி, எதிரொலி இல்லாத அறை, சிறு சிறு வாக்கியங்கள்: இந்த நான்கும் கூடினால் 120 தாராளமாக வரும். அதே வேகத்தை எதிரொலிக்கும் பெரிய அரங்கில் வைத்துப் பாருங்கள்; ஒரு சொல்லின் ஒலி அடங்குவதற்குள் அடுத்தது வந்து அதன் மேல் விழும், பின் வரிசையில் இருப்பவர்கள் முன்னால் இருப்பவர்களைப் பார்த்துக் கைதட்டத் தொடங்குவார்கள். செய்தி கேட்கிறவர் பொருளை முன்பே ஓரளவு அறிந்திருக்கிறார் என்பதும் உண்டு. உரை கேட்கிறவருக்கு வாதம் புதிது.

இருந்தாலும், பேச்சுத்தமிழ் கலந்து சரளமாகப் பேசுகிறவர்கள் மேடையிலும் 120ஐத் தொடுவதை நான் கேட்டிருக்கிறேன். ‘வந்துகொண்டிருக்கிறார்கள்’ என்பது அங்கே ‘வந்துட்டிருக்காங்க’ என்று சுருங்கிவிடுவதால் ஒரே மூச்சில் அதிகச் சொற்கள் அடங்குகின்றன. அப்படிப்பட்டவருக்கு ஐந்து நிமிடத்துக்கு 550 என்று சொன்னாலும் தவறாகாது. மேல் எல்லையை எங்கே வைப்பது என்பதில் நீங்களும் நானும் வேறுபடலாம்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்: வீட்டில் சரியாக ஐந்து நிமிடம் வருகிறது. மேடையேறினால் நாலு நிமிடத்துக்குள் முடிந்துவிடுகிறது. ஆகவே சொற்களைக் கூட்டி எழுதலாமா?

கூட்டி எழுத வேண்டாம் ஐயா. பதற்றத்தில் சொல்லை உச்சரிக்கும் வேகம் கூடுவதைவிட, சொற்களுக்கு நடுவே விட வேண்டிய இடைவெளி காணாமல் போவதே அதிகம். வீட்டில் பதிவு செய்ததையும் மேடையில் பதிவு செய்ததையும் அடுத்தடுத்துக் கேட்டால் இது விளங்கும்: முற்றுப்புள்ளி வரும் இடங்களில் வீட்டில் ஒரு மூச்சு எடுத்திருப்பீர்கள், மேடையில் அதை விழுங்கியிருப்பீர்கள். நாற்பது வாக்கியங்கள் கொண்ட உரையில் வாக்கியத்துக்கு ஒரு வினாடி வீதம் விழுங்கினாலே 40 வினாடி போய்விடும். சொற்களைக் கூட்டினால் ஓட்டம்தான் இன்னும் மிகும்.

தாளில் உரையின் சரிபாதியில் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் ‘2:30’ என்று எழுதிக்கொள்ளுங்கள். அந்தக் கோட்டுக்கு வரும்போது கடிகாரம் இரண்டு நிமிடத்தைக் காட்டினால், அடுத்த ஒவ்வொரு முற்றுப்புள்ளியிலும் மூச்சை முழுமையாக இழுத்து விடுங்கள். மூன்று நிமிடத்தைக் காட்டினால் உதவுவதற்கென்று, முடிவுரைக்கு முன்னால் வரும் பத்தியை முன்கூட்டியே அடைப்புக்குள் போட்டு வைத்திருங்கள். அதை விட்டுவிட்டு நேரே முடிவுரைக்குப் போய்விடலாம். அந்தப் பத்தி 45 சொற்கள் அளவில் இருந்தால் அரை நிமிடம் மிச்சமாகும். அதை எடுத்தபின்னும் முன்பின் வாக்கியங்கள் பொருந்தி நிற்கின்றனவா என்பதை மட்டும் வீட்டிலேயே ஒரு முறை வாசித்துப் பார்த்துவிடுங்கள்.