படுக்கை டேங்கில் கால்வாசி தெரிந்தால் எத்தனை லிட்டர்?

கேள்வி: ஜெனரேட்டருக்கான டீசல் டேங்க், உருளை வடிவம், படுக்கைவாட்டில் இருக்கிறது. கொள்ளளவு ஏறக்குறைய 1,000 லிட்டர். பக்கத்து லெவல் குழாயின் போட்டோவில் கால்வாசி தெரிகிறது. 250 லிட்டர் மிச்சம் என்று எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: கூடாது. ஏறக்குறைய 200 லிட்டர்தான் இருக்கும். அதிலும் இன்ஜினுக்குப் போய்ச் சேருவது இன்னும் குறைவு. ஜெனரேட்டர் பராமரிப்பு வேலையில் இருக்கிறேன். இந்த மாதிரி போட்டோக்கள் எனக்கு அடிக்கடி வரும். அவற்றைப் பார்க்கும் முறையைச் சொல்கிறேன்.

நிற்கும் உருளையில் கால் உயரம் என்றால் கால் அளவுதான். படுத்த உருளை அப்படியில்லை. அடியும் மேலும் குறுகல், நடுவில் அகலம். அதனால் பாதி உயரத்தில் மட்டும்தான் கணக்கு நேராக வரும். கால் உயரத்தில் 20 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு, முக்கால் உயரத்தில் 80 சதவீதத்துக்குச் சற்று அதிகம்.

உங்கள் டேங்கின் உள்விட்டம் 100 செ.மீ., நீளம் 130 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். முழுக் கொள்ளளவு 1,021 லிட்டர். ஆரம் 50, எண்ணெய் உயரம் 25 என்று விரிதாளில் போட வேண்டியது இது:

```
=130*(50^2*ACOS((50-25)/50)-(50-25)*SQRT(2*50*25-25^2))/1000
```

விடை 199.6 லிட்டர். உங்கள் அளவுகளை அந்தந்த இடத்தில் மாற்றிக்கொள்ளுங்கள்.

இந்தச் சூத்திரத்தைவிட, அந்த 25 செ.மீ. சரியா என்பதில்தான் எனக்கு அக்கறை அதிகம். அந்த உயரத்தில் ஒவ்வொரு செ.மீ.க்கும் 11 லிட்டருக்கு மேல் வித்தியாசம் வரும். முதலில் பார்க்க வேண்டியது, கால்வாசி என்பது எதில் கால்வாசி என்று. லெவல் குழாய் பெரும்பாலும் டேங்கின் அடியிலிருந்து தொடங்காது. அடியிலிருந்து 5 செ.மீ. மேலே தொடங்கி, உச்சிக்கு 5 செ.மீ. கீழே முடிகிறது என்றால், குழாயில் கால்வாசி என்பது டேங்கில் 27.5 செ.மீ. அதனாலேயே கிட்டத்தட்ட 29 லிட்டர் கூடிவிடும். ஆகவே போட்டோவில் டேங்கின் அடியும் உச்சியும் விழ வேண்டும். படம் திருத்தும் செயலியில் திறந்து, மூன்று இடங்களின் பிக்சல் எண்ணை மேலிருந்து கீழாகக் குறித்துக்கொள்ளுங்கள். உச்சி 640, எண்ணெய்க் கோடு 1540, அடி 1840 என்று வந்தால், 1200 பிக்சலில் 300, அதாவது சரியாகக் கால் உயரம். தகட்டின் கனம் சில மி.மீ.தான், அதை விட்டுவிடலாம்.

அடுத்தது போட்டோ எடுத்த கோணம். டேங்க் ஸ்டாண்டின் மேல் இருக்கும். எடுப்பவர் கீழே நின்று அண்ணாந்து எடுப்பார். அளவுக்கோடுகள் டேங்கின் உடம்பிலும் குழாய் அதற்கு 5 செ.மீ. முன்னாலும் இருந்து, 30 டிகிரி கீழிருந்து எடுத்தால், எண்ணெய்க் கோடு கிட்டத்தட்ட 3 செ.மீ. உயரமாகத் தெரியும். இல்லாத 33 லிட்டர் இருப்பதுபோல் தோன்றும். போதாததற்கு, கேமராவுக்குப் பக்கத்தில் இருக்கும் அடிப்பாகம் பெரிதாகவும் உச்சி சிறுத்தும் விழுவதால் பிக்சல் கணக்கும் அதே பக்கம் தப்பும். போனை எண்ணெய்க் கோட்டின் உயரத்துக்கே கொண்டுபோய், கொஞ்சம் தள்ளி நின்று எடுத்தால் இரண்டும் தீர்ந்துவிடும்.

குழாயின் அடி வால்வு மூடியிருந்தாலோ கசடு அடைத்திருந்தாலோ, என்றைக்கோ நின்ற கோடுதான் இன்றும் தெரியும். போட்டோவில் இதைக் கண்டுபிடிக்க வழியில்லை. குழாயின் வடிகாலைத் திறந்து கொஞ்சம் டீசலைப் பாத்திரத்தில் பிடித்துவிட்டு மூடுங்கள். கோடு மறுபடி பழைய இடத்துக்கே ஏறினால் நம்பலாம். மெதுவாக ஏறினால் அடைப்பு ஆரம்பித்துவிட்டது.

இனி கழிக்க வேண்டியது. அடியில் தேங்கும் தண்ணீரும் கசடும் இன்ஜினுக்குப் போகக் கூடாது என்று வெளிச்செல்லும் குழாயைச் சற்று மேலே வைத்திருப்பார்கள். 5 செ.மீ. மேலே என்றால் அடியில் 19 லிட்டர் சிக்கிக்கொள்ளும். ஆக உங்களுக்குப் பயன்படுவது 180 லிட்டர். டேங்க் ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்திருக்கலாம், அதனால் 10, 15 லிட்டர் முன்பின் இருக்கும். ஓட்ட நேரம் கணக்குப் போடுபவருக்கு நான் 165 என்றுதான் சொல்வேன்.

அடுத்த தடவை டீசல் ஊற்றும்போது சரிபார்த்துவிடலாம். இந்த அளவுள்ள டேங்கில் 25 செ.மீ.யிலிருந்து 100 லிட்டர் ஊற்றினால் கோடு எட்டரை செ.மீ. ஏற வேண்டும். ஏழுதான் ஏறியது என்றால் டேங்க் நீங்கள் அளந்ததைவிடப் பெரியது. இரு முனைத் தகடுகளும் வெளியே புடைத்திருக்கின்றனவா என்று பாருங்கள்.