ரௌட்டரில் QoS போட்டும் ஆன்லைன் வகுப்பு திக்குவது ஏன்?

கேள்வி: நாங்கள் ஆபீஸ் ஃபைல் அனுப்பும்போதெல்லாம் பையனின் வகுப்பில் டீச்சர் குரல் வெட்டி வெட்டி வருகிறது. ரௌட்டரில் யாருக்கு முன்னுரிமை என்று சொல்லும் QoS அமைப்பில் அவன் லேப்டாப்பை முதலில் வைத்தும் மாற்றமே இல்லை. என்ன செய்வது?

பதில்: QoS பக்கத்தில் Upload Bandwidth, Download Bandwidth என்று இரண்டு கட்டங்கள் இருக்கும். பெரும்பாலும் கோளாறு அங்கேதான். பலர் அதில் பிளானின் முழு வேகத்தைப் போடுவார்கள், அல்லது ஏற்கெனவே இருந்த 1000-ஐ அப்படியே விட்டுவிடுவார்கள்.

அப்படி விட்டால், வெளியே நிறைய இடம் இருக்கிறது என்று நம்பி ரௌட்டர் வந்ததை எல்லாம் உடனே தள்ளிவிடும். நெரிசல் அடுத்துள்ள மோடத்தில் உண்டாகும். மோடத்துக்கு உங்கள் விதி தெரியாது. முதலில் வந்தது முதலில் போகும். உங்கள் ஃபைலுக்குப் பின்னால் பையனின் வகுப்பு காத்துக் கிடக்கும். வரிசை ரௌட்டருக்குள்ளேயே உருவானால்தான் அதனால் ஆள் பார்த்து முன்னே விட முடியும். அதனால் உண்மை வேகத்தைவிடக் கொஞ்சம் குறைத்துச் சொல்ல வேண்டும்.

QoS-ஐ அணைத்துவிட்டு, கேபிள் போட்ட கணினியில், வகுப்பு நடக்கும் நேரத்தில் வேகத்தை அளந்து பாருங்கள். டவுன்லோட் 28, அப்லோட் 9 எம்பிபிஎஸ் வந்தது என்று வைத்துக்கொள்வோம். சுமார் 85 சதவீதமாக 24, 7.5 என்று போடுங்கள். சில ரௌட்டர்கள் Kbps-ல் கேட்கும். அங்கே 24000, 7500. கொஞ்சம் வேகம் போகும்தான், ஆனால் வீடியோ வகுப்புக்கு ஒன்றிரண்டு எம்பிபிஎஸ் தடையில்லாமல் கிடைத்தாலே தாராளம்.

சரியாகிவிட்டதா என்று பார்க்க, ஒரு பெரிய ஃபைலை அப்லோட் செய்யவிட்டு, பையனின் விண்டோஸ் லேப்டாப்பில் இதை ஓட்டுங்கள்:

```
ping -t 8.8.8.8
```

சும்மா இருக்கும்போது 20 மில்லி செகண்ட் காட்டியது, அப்லோட் தொடங்கியதும் 300, 400 என்று ஏறினால் நெரிசல் இன்னும் மோடத்தில்தான். அப்லோட் எண்ணை இன்னும் அரை எம்பிபிஎஸ் குறைத்துப் பாருங்கள். 40, 50-க்குள் நின்றால் போதும்.

முன்னுரிமை அந்த ஒரு லேப்டாப்புக்கு மட்டும் இருக்கட்டும். வீட்டில் எல்லாரையும் High-ல் வைத்தால் யாருக்குமே முன்னுரிமை இல்லை. அவன் போனில் வகுப்பு பார்ப்பதாக இருந்தால் இன்னொரு சிக்கல் உண்டு: ரௌட்டர் ஒவ்வொரு கருவியையும் அதன் மேக் முகவரி என்ற அடையாள எண்ணை வைத்துத்தான் கண்டுகொள்கிறது, இப்போதைய போன்களோ போலி முகவரியைக் காட்டும். அது மாறினால் ரௌட்டருக்கு அது புதுப் போன், விதி பொருந்தாது. போனின் வைஃபை அமைப்பில் உங்கள் வீட்டு நெட்வொர்க்குக்கு மட்டும் போலி முகவரி காட்டும் வசதியை அணைத்துவிடுங்கள்.

அப்புறம், 8.8.8.8-க்குப் பதில் ரௌட்டரின் முகவரிக்கே (பொதுவாக 192.168.0.1 அல்லது 192.168.1.1) பிங் கொடுத்துப் பாருங்கள். அதுவே எகிறினால் குறை வைஃபையில். QoS அதற்கு ஒன்றும் செய்யாது. லேப்டாப்புக்கு லேன் கேபிள் இழுத்துவிடுங்கள்.